கால் சென்டர் வேலைக்கு மெயில்: "ஐந்து மொழி சரளம், எந்த ஷிப்டும் சம்மதம்" என்று எழுதினால் சரியா?

ஓசூர்_ரம்யா
எல்லோருக்கும் வணக்கம். நான் ஓசூர். பி.காம் முடித்து, ஊரிலேயே ஒரு சின்ன பிராட்பேண்ட் ஆபீசில் போன் எடுக்கும் வேலை 14 மாதம் பார்த்தேன். இப்போது பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்கிறார்கள். கன்னடத்தோடு தமிழோ தெலுங்கோ தெரிந்திருக்க வேண்டும், ரொட்டேஷனல் ஷிப்ட், ரொட்டேஷனல் ஆஃப் என்று போட்டிருக்கிறது. ரெஸ்யூமோடு மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறேன், இங்கே பேசுவதற்காகத் தமிழில் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, உங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளிலும் சரளமாகப் பேசுவேன். எந்த ஷிப்டிலும் வேலை செய்யத் தயார். வாடிக்கையாளர்களைக் கையாள்வதில் 14 மாத அனுபவம் உண்டு. தினமும் 100 அழைப்புகள் எடுத்து, ஒவ்வொருவரிடமும் சராசரியாக 6 நிமிடம் பொறுமையாகப் பேசி அவர்களைத் திருப்திப்படுத்தியிருக்கிறேன். கடுமையாக உழைப்பேன், குழுவோடு இணைந்து செயல்படுவேன். வாய்ப்பளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் தடவை பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறேன், பயமாக இருக்கிறது.

விக்னேஷ்_கே
நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். நான் ரெண்டு வருஷமா கிரெடிட் கார்டு பிராசஸ்ல இருக்கேன். ஹெச்.ஆர். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல மெயில் பார்ப்பாங்க, அவங்க கண்ணு தேடுறது சில வார்த்தைகளைத்தான். அந்த வார்த்தை எல்லாம் உங்க மெயில்ல இருக்கு. இன்னும் ஒண்ணு சேருங்க: வாடிக்கையாளர் திருப்தி, அதான் சிசாட், 95 சதவீதம்; ஒரு அழைப்புக்கு ஆகுற சராசரி நேரம், அதான் ஏஹெச்டி, 4 நிமிஷம்னு போடுங்க. நம்பர் இருந்தா வெயிட்டு. யாரும் போய் செக் பண்ணப் போறதில்லை.

தருமபுரி_மணி
தங்கச்சி, வாடிக்கையாளருக்கு மெயில் எழுதும்போது முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து, புகார் எண்ணைக் குறிப்பிட்டு, எத்தனை நாளில் சரியாகும் என்று சொல்லி முடிக்க வேண்டும். நீங்கள் உங்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்களே?

ஓசூர்_ரம்யா
அண்ணா, இது வாடிக்கையாளருக்கு இல்லை. வேலை கேட்டு அனுப்பும் மெயில். ஆனால் நீங்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொள்கிறேன், வேலை கிடைத்தால் உதவும்.

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
ரம்யா, நான் இதே எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோரு வருஷம் இருந்தேன். போன் எடுக்கும் வேலையில் சேர்ந்து, டீம் லீடர் ஆகி, கடைசி நாலு வருஷம் ஆள் எடுக்கும் பேனலிலும் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் மெயிலில் மூன்று வாக்கியங்கள்தான் விஷயம். மொழி, ஷிப்ட், அனுபவம். இந்த மூன்றையுமே மெயில் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் ஒரே போன் காலில் சோதித்துவிடுவார்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. அதனால் "படிக்க நன்றாக இருக்கிறதா" என்று பார்க்காதே. அந்தப் பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு வாக்கியமும் தாங்குமா என்று பார்.

முதலில் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம், அதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. நூறு அழைப்பு, ஒவ்வொன்றும் ஆறு நிமிஷம் என்கிறாய். அறுநூறு நிமிஷம் ஆகிறது, அதாவது பத்து மணி நேரம். உன் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடியது? சாப்பிடப் போனாயா? பேனலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனதிலேயே ஓடும், ஏனென்றால் நாள் முழுக்க அவர்கள் பார்க்கும் கணக்கே அதுதான். நீ பொய் சொல்கிறாய் என்று நினைக்கக்கூட மாட்டார்கள். "வேலை எப்படி அளக்கப்படுகிறது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை" என்று குறித்துக்கொள்வார்கள். அது இன்னும் மோசம்.

விக்னேஷ் தம்பி சொன்னதில் பாதி சரி. எண் இருந்தால் மதிப்புதான், வார்த்தையைத் தேடித்தான் முதலில் பிரிப்பார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் சிசாட் 95 என்று எழுதினால் அடுத்த கேள்வி, "எத்தனை பேர் பதில் சொன்னதில் 95? எஸ்.எம்.எஸ்.ஸில் கேட்டீர்களா, போனிலேயே கேட்டீர்களா?" ஊர் பிராட்பேண்ட் ஆபீசில் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் நீ திணறினால், உண்மையாகச் செய்த 14 மாத வேலையும் சேர்ந்து சந்தேகத்துக்குப் போய்விடும்.

உண்மையான எண் உன்னிடமே இருக்கும். புகார் எழுதி வைக்கும் நோட்டு இருந்ததா? ஒரு சாதாரண நாளில் எத்தனை வரி? போனின் கால் லாக்கில் ஒரு அழைப்பு எவ்வளவு நேரம் போயிருக்கிறது? முதலில் அதைச் சொல்லு.

ஓசூர்_ரம்யா
அக்கா, ரொம்ப நன்றி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நூறும் ஆறும் யோசிக்காமல் எழுதியவை. ஆபீஸ் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. நோட்டு இருந்தது. அங்கே இன்னும் வேலை பார்க்கும் தோழியிடம் கேட்டேன், நான் இருந்த மாதங்களில் நாளுக்கு 40, 45 வரி இருக்கிறதாம். மழை நாளில் 70 தாண்டியிருக்கிறது. முக்கால்வாசி "நெட் வரவில்லை", மீதி பில். ஒரு அழைப்பு மூன்று, நான்கு நிமிடம் இருக்கும்.

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
இதுதான் எண். 45 அழைப்பு, நாலு நிமிஷம், மொத்தம் மூன்று மணி நேரம் பேச்சு. மிச்ச நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். லைன்மேனுக்குச் சொல்வது, திரும்ப வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சரியாகிவிட்டதா என்று கேட்பது, பில் போடுவது. இதை நீ யோசிக்காமலே சொல்லிவிடுவாய், நீ செய்த வேலையாயிற்றே.

இன்னும் ஒன்று வேண்டும். கோபமாகப் பேசிய ஒருவர், நீ என்ன செய்தாய், எப்படி முடிந்தது. "பொறுமையாகப் பேசினேன்" என்பதை எல்லோரும் சொல்வார்கள், அது வேண்டாம். நீ பொறுமையோடு கூட வேறு ஏதாவது கவனித்த சம்பவம் உண்டா?

ஓசூர்_ரம்யா
ஒன்று இருக்கிறது அக்கா. ஒரு பெரியவர் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை போன் செய்து கத்தினார். ஒவ்வொரு தடவையும் லைன்மேன் போய் அவர் வீட்டு மோடத்தை மாற்றிவிட்டு வந்திருக்கிறார். நான் நோட்டைப் புரட்டினேன். அதே தெருவில் வேறு இரண்டு வீட்டிலிருந்தும் அதே சாயங்கால நேரத்தில் புகார் வந்திருந்தது. அப்படியென்றால் வீட்டில் கோளாறு இல்லை என்று தோன்றியது. லைன்மேனிடம் சொன்னேன். தெருமுனைப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி ஜாயின்ட் போயிருந்தது. சரி செய்த பிறகு மூன்று வீட்டுக்கும் நானே போன் செய்து சொன்னேன். அந்தப் பெரியவர் அதற்கப்புறம் பில் கட்ட வரும்போதெல்லாம் என்னிடம் பேசிவிட்டுத்தான் போவார்.

இதையெல்லாம் மெயிலில் எழுதலாமா? சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது.

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
இது சின்ன விஷயமே இல்லை! திரும்பத் திரும்ப வரும் அழைப்புதான் எந்தக் கால் சென்டருக்கும் தலைவலி. ஒரே ஆள் மூன்று தடவை கூப்பிட்டால் மூன்று அழைப்புக்குச் செலவு, கடைசியில் வாடிக்கையாளரும் போய்விடுவார். நீ நோட்டைப் புரட்டி மூன்று புகாரையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறாய். அங்கே கணினித் திரையில் பழைய புகார்கள் வரிசையாக வரும், பலர் அதைப் பார்க்காமலே புதிதாக ஆரம்பிப்பார்கள். மெயிலில் இரண்டு வரி போதும், விவரத்தை அவர்கள் கேட்கும்போது சொல்லலாம்.

இனி மொழிக்கு வா. ஐந்தையும் "சரளம்" என்று ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறாய். வீட்டில் எந்த மொழி? எதைப் படிக்கத் தெரியும், எதை டைப் செய்யத் தெரியும்?

ஓசூர்_ரம்யா
வீட்டில் தெலுங்கு. படித்தது தமிழ் மீடியம். கன்னடம் அக்கம்பக்கத்தில் பேசிப் பழகியது, நன்றாகப் பேசுவேன், படிக்கத் தெரியாது. தெலுங்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆங்கிலம் பேசுவேன், கொஞ்சம் யோசித்துப் பேசுவேன். இந்தி டி.வி. பார்த்துக் கற்றது, புரியும், பதில் சொல்லிவிடுவேன்.

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
ஓசூர்ப் பெண்ணுக்கு இருக்கும் பெரிய பலமே இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் புத்தகம் பார்க்காமல் பேசுபவர்கள் கிடைப்பது கஷ்டம். அதை இந்தியோடு கலந்து நீயே நீர்த்துப்போகச் செய்கிறாய்.

சோதனை எப்படி இருக்கும் தெரியுமா? "உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?" என்று கேட்க மாட்டார்கள். அந்த மொழி பேசும் ஒருவர் திடீரென்று கன்னடத்திலேயே ஆரம்பிப்பார். "நான் திருப்பி அனுப்பிய புடவைக்குப் பணம் வரவில்லை, ஏன்?" என்பார். நீ காரணத்தை விளக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பேசும் கன்னடத்தில் "ரீஃபண்ட் ஏழு வேலை நாளில் உங்கள் கணக்குக்கு வரும், வங்கி விடுமுறை இருந்தால் தள்ளிப்போகும்" என்று சொல்லிப் பார். எங்கே நாக்கு நிற்கிறது என்று உனக்கே தெரியும். நிற்கும் இடத்தில் ஆங்கிலச் சொல் போட்டுக்கொள்வது தப்பில்லை, பெங்களூருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். வாக்கியம் மட்டும் உடையக்கூடாது.

அடுத்தது எண். இதில்தான் நான் அதிகம் பேர் விழுந்து பார்த்தேன். வாடிக்கையாளர் ஆர்டர் எண்ணையும் தொகையையும் தன் மொழியில்தான் சொல்வார். கன்னடத்தில் எழுபத்தெட்டு என்றால் உனக்கு உடனே பிடிபடும், நம் மொழிகளில் பத்தும் ஒன்றும் சேர்ந்தே வரும். இந்தியில் அப்படி இல்லை. 59 என்பது உன்சட், 69 என்பது உன்ஹத்தர், 89 என்பது நவாசி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும். டி.வி. பார்த்து வந்த இந்தி இங்கே நின்றுவிடும். 1,059 ரூபாயை 1,069 என்று எடுத்துக்கொண்டால் அன்றைக்கே தப்பு உன் பெயரில் பதிவாகும்.

தெலுங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கில் தமிழும் கன்னடமும் கலந்திருக்கும். என் டீமில் தளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். குண்டூர்க்காரர்கள் "மீதி ஏ ஊரம்மா?", அதாவது உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்பார்கள், அவள் பதில் சொல்ல, அழைப்பு ஒரு நிமிஷம் நீளும். அவ்வளவுதான், யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் சோதிப்பவர் அதைக் கவனிப்பார். "வீட்டு மொழி தெலுங்கு, ஓசூர் வழக்கு" என்று நீயே சொல்லிவிட்டால் அது குறையாகத் தெரியாது.

கன்னடம் படிக்கத் தெரியாது என்பதையும் மறைக்காதே. போன் வேலைக்கு அது தடையில்லை. சாட் வேலைக்கு மாற்றினால் தடை.

நிர்மலா_ஜே
என் விஷயத்தையும் சொல்லலாமா? குழந்தை பிறந்து மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வேலை தேடினேன், சென்னையில். யு.கே. பிராசஸ், அதாவது பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்கான வேலை. மத்தியானம் 1.30க்கு லாகின், ராத்திரி 10.30க்கு வெளியே. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் எங்களுக்கு 2.30 ஆகிவிடும், முடியும்போது 11.30. நான் நேர்மையாக "இரவு 10.30க்கு மேல் முடியாது" என்று மெயிலில் எழுதினேன். ஒன்றரை மாதம் ஒரு போன்கூட வரவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன், ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆஃபர் பேசும்போது சொன்னேன், குளிர்காலத்துக்கு மட்டும் வேறு டீமில் போட்டுக்கொடுத்தார்கள். அதனால் ஷிப்ட் பற்றி மெயிலில் வாயைத் திறக்காதே ரம்யா. முதலில் அவர்களுக்கு உன்னைப் பிடிக்கட்டும்.

விக்னேஷ்_கே
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். "எந்த ஷிப்டும் சம்மதம்"னு போட்டுட்டுப் போங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
நிர்மலா, உங்களுக்கு அது நடந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. யு.கே. பிராசஸில் ஆள் கிடைப்பது கஷ்டம், உங்களுக்காக இடம் மாற்றினார்கள். ரம்யா போவது உள்நாட்டு வேலை, மாதாமாதம் கூட்டம் கூட்டமாக எடுப்பார்கள். ஒருத்தருக்காக ரோஸ்டரை, அதாவது ஷிப்ட் பட்டியலை, மாற்ற மாட்டார்கள்.

"எந்த ஷிப்டும்" என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? உள்நாட்டு வேலை பெரும்பாலும் காலை 7 முதல் இரவு 11 வரை ஓடும். இடைவேளையோடு ஒன்பது மணி நேரம் உன் கணக்கு. ஒரு வாரம் 7 மணி லாகின், அடுத்த வாரம் 2 மணி லாகின், 11 மணிக்கு வெளியே. ரொட்டேஷனல் ஆஃப் என்றால் உன் விடுமுறை செவ்வாயாகவும் இருக்கலாம், வியாழனாகவும் இருக்கலாம். பொங்கலோ உகாதியோ வேலை நாளாக விழலாம். இதற்கெல்லாம் சரி என்றால் தாராளமாக எழுது.

ரம்யா, ராத்திரி 11 மணிக்கு ஓசூருக்கு எப்படிப் போவாய்?

ஓசூர்_ரம்யா
கம்பெனி வண்டி வரும் என்று விளம்பரத்தில் இருந்ததே அக்கா?

பாகலூர்_சேகர்
நான் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு ஆறு வருஷம் கேப் ஓட்டினவன். இதை நான் சொன்னாத்தான் சரியா இருக்கும். வண்டி வரும்மா, ஆனா எதுவரைக்கும்னு கேளு. நான் ஓட்டின இடங்கள்ல எல்லாம் அத்திப்பள்ளி வரைக்கும்தான். அது கர்நாடக எல்லை. தாண்டினா தமிழ்நாடு, பர்மிட், வரி எல்லாம் வேற. கான்ட்ராக்ட் எடுத்தவர் அந்தச் செலவு வேண்டாம்னு எல்லையிலேயே இறக்கிவிடச் சொல்லுவார். ராத்திரி பன்னெண்டு மணிக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல எத்தனையோ பிள்ளைங்களை இறக்கிவிட்டிருக்கேன். அப்பாவோ அண்ணனோ பைக்ல வந்து நிப்பாங்க. வந்து சேர்ற வரைக்கும் நான் வண்டியை எடுக்க மாட்டேன், ஆனா எல்லா டிரைவரும் நிப்பாங்கன்னு சொல்ல முடியாது.

கர்நாடகத்துல ராத்திரி ஷிப்ட் பெண்களுக்கு வண்டி கொடுக்கறது கம்பெனி பொறுப்பு. 2005ல பெங்களூர்ல கால் சென்டர் பெண் ஒருத்தரை, வழக்கமான டிரைவருக்குப் பதிலா வந்தேன்னு சொன்ன கேப் டிரைவர் கொன்னான். அதுக்கப்புறம் ரொம்பக் கண்டிப்பு வந்தது. பெண் பிள்ளையை முதல்ல ஏத்தினாலோ கடைசியா இறக்கினாலோ செக்யூரிட்டி ஆள் கூட இருக்கணும். கேளு, "ஓசூர் வீடு வரைக்குமா, எல்லை வரைக்குமா? கடைசி டிராப் நானா இருந்தா செக்யூரிட்டி ஆள் உண்டா?" இந்த ரெண்டு கேள்வி.

நிர்மலா_ஜே
சேகர் அண்ணா சொல்வது ரொம்ப முக்கியம். ஆனாலும் அதை மெயிலில் கேட்காதே, போனில் கேள் என்றுதான் சொல்வேன்.

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
நான் மெயிலிலேயே ஒரு வரி வேண்டும் என்பேன். கேள்வியாக வேண்டாம், தகவலாக. எது எப்போது முடியும், எதற்கு எது வேண்டும். அந்த ஒரு வரியால் கூப்பிடாமல் விட்டால், அது உனக்குப் பொருந்தாத வேலை. பயிற்சி முடிந்து முதல் ரோஸ்டர் வந்த வாரமே வேலையை விட்டுப்போன ஓசூர்ப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அத்தனை வார உழைப்பும் வீண், அந்தக் கம்பெனியில் திரும்ப விண்ணப்பிக்கவும் முடியவில்லை.

ஓசூர்_ரம்யா
இரண்டு நாள் வீட்டில் பேசினேன். அப்பா வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால் எல்லைக்கு வருவார், தினமும் முடியாது. காலை 7 மணி லாகின் பிரச்சினையே இல்லை, விடியற்காலையிலேயே பஸ் இருக்கிறது. இப்படி மாற்றியிருக்கிறேன்:

"பொருள்: வாடிக்கையாளர் சேவை (போன்), கன்னடம், தமிழ், தெலுங்கு, எலெக்ட்ரானிக் சிட்டி, உடனே சேரலாம்

வணக்கம். உங்கள் விளம்பரத்தில் உள்ள போன் வழி வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.

தெலுங்கு என் வீட்டு மொழி (ஓசூர் வழக்கு). தமிழ் மீடியத்தில் படித்தேன், தமிழில் பேச, படிக்க, டைப் செய்ய வரும். கன்னடம் சிறு வயதிலிருந்து தினமும் பேசுகிறேன், படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் அழைப்பு விவரத்தைப் பதிவு செய்யவும் மெயில் எழுதவும் முடியும். இந்தி புரியும், ஆனால் இந்தி அழைப்புகளை எடுக்கும் அளவுக்கு இல்லை.

ஓசூரில் ஒரு பிராட்பேண்ட் அலுவலகத்தில் 14 மாதம் புகார் அழைப்புகளைக் கவனித்தேன். நாளுக்குச் சுமார் 45 அழைப்புகள், மழைக்காலத்தில் 70 வரை, ஒவ்வொன்றும் மூன்று, நான்கு நிமிடம். ஒரு வாடிக்கையாளர் மூன்றாம் முறை புகார் செய்தபோது, அதே தெருவின் மற்ற புகார்களோடு ஒப்பிட்டு, கோளாறு தெருப் பெட்டியில் இருப்பதைக் கண்டு லைன்மேனிடம் சொன்னேன். மூன்று வீட்டு இணைப்பும் சரியானது.

காலை 7 மணியிலிருந்து எந்த லாகினும், எந்த நாள் விடுமுறையும் சம்மதம். இரவு 8 மணிக்கு மேல் முடியும் ஷிப்டுக்கு ஓசூர் வரை நிறுவன வாகனம் இருந்தால் வர இயலும்."

எலெக்ட்ரானிக்சிட்டி_சுபா
அனுப்பு. ஆங்கிலத்தில் மாற்றும்போது வாக்கியங்களை நீட்டிவிடாதே. பெரும்பாலும் போனில்தான் படிப்பார்கள்.

விக்னேஷ்_கே
"படிக்கத் தெரியாது", "இந்தி இல்லை"ன்னு ரெண்டு இல்லை வருதே... எனக்கு இன்னும் மனசு ஒப்பலை. ஆனா அந்தத் தெருப் பெட்டி விஷயம் சூப்பர். நானும் என் ரெஸ்யூம்ல சிசாட்டை எடுத்துட்டு அந்த மாதிரி ஒண்ணு போடப்போறேன்.

ஓசூர்_ரம்யா
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். போன் வந்தது. சுபா அக்கா சொன்ன மாதிரியே கன்னடத்தில் திடீரென்று ஆரம்பித்தார்கள், செருப்பு சைஸ் மாற்றித் தரவில்லை என்று. முதல் வாக்கியத்தில் திணறினேன், அப்புறம் வந்துவிட்டது. தெலுங்கில் ஒரு ஆர்டர் எண்ணைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அந்தத் தெருப் பெட்டிக் கதையை முழுசாகக் கேட்டார்கள், "உங்களை யாராவது நோட்டைப் பார்க்கச் சொன்னார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

வாகனத்தைப் பற்றிக் கேட்டேன். அத்திப்பள்ளி வரைதானாம். ஓசூரிலிருந்து இன்னும் நாலு பேர் இந்த பேட்ச்சில் இருக்கிறார்கள், அதனால் டிரான்ஸ்போர்ட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நேர்காணல் வெள்ளிக்கிழமை. வண்டி பற்றிப் பதில் இன்னும் வரவில்லை.

பாகலூர்_சேகர்
நாலு பேர் இருந்தா பேசலாம்மா. எல்லாரும் சேர்ந்து கேளுங்க. வெள்ளிக்கிழமை போகும்போது வாயால கேட்டுட்டு வராதே, மெயில்ல எழுதித் தரச் சொல்லு.